டிவிடெண்ட் பூஜ்ஜியம் என்றால் ke = g ஆகிவிடுமா?

கேள்வி: "டிவிடெண்டே தராத கம்பெனிக்கு டிவிடெண்ட் குரோத் மாடல் போட முடியுமா? D0 = 0 போட்டால் ke = g என்று ஒரு விடை வருகிறதே, அதை அப்படியே எழுதலாமா?"

எழுதாதீர்கள். ke என்பது பங்கு முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருமானம், கம்பெனிக்கு அதுவே பங்கு மூலதனச் செலவு; g டிவிடெண்டின் வளர்ச்சி விகிதம், D0 இப்போது கொடுத்த டிவிடெண்ட். ke = g என்பது விடை மாதிரி தெரிகிறது, ஆனால் விடை இல்லை. நானும் இதில் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். ஆர்ட்டிக்கிள்ஷிப்பில் இருந்தபோது ஏழெட்டுக் கம்பெனிகளுக்கு எக்செல் ஷீட்டில் ஒரே ஃபார்முலாவைக் கீழே இழுத்துவிட்டேன். அதில் ஒரு கம்பெனி டிவிடெண்டே கொடுத்ததில்லை, ஆனாலும் அந்தக் கட்டத்தில் மற்றதைப் போலவே ஒரு சதவீதம் அழகாக உட்கார்ந்திருந்தது. பூஜ்ஜியம் மேலே இருப்பதால் #DIV/0! வராது, அதனால் யார் கண்ணிலும் படாது. சீனியர்தான் கண்டுபிடித்தார், அதுவும் "இந்தக் கம்பெனியோட பங்கு விலையை மாத்திப் பாரு" என்று ஒரே வரியில்.

அவர் சொன்னது ஏன் என்று புரிய, முதலில் மாடல் நன்றாக வேலை செய்யும் இடத்தைப் பாருங்கள்.

```
P0 = D1 / (ke − g)
ke = D0 × (1 + g) / P0 + g
```

P0 இன்றைய பங்கு விலை, D1 அடுத்த வருட டிவிடெண்ட். இரண்டாவது வரி முதல் வரியைத் திருப்பிப்போட்டதுதான். மைரன் கார்டன் பெயரில் வழங்கும் மாடல் இது. விலை ₹250, இப்போதுதான் கொடுத்த டிவிடெண்ட் ₹10, நான்கு வருடம் முன்பு அது ₹6.83 என்றால், நான்கு வளர்ச்சிகள், ஆண்டுக்கு 10%. ke = 11/250 + 10% = 14.4%. இதில் 4.4% என்ற பகுதிதான் சந்தை பேசுவது. முதலீட்டாளர் இந்த டிவிடெண்ட் ஓட்டத்துக்கு ₹250 தர ஒப்புக்கொண்டார், அதிலிருந்து அவர் எதிர்பார்க்கும் வருமானத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறோம். மாடலின் உயிரே இதில்தான் இருக்கிறது.

இப்போது டிவிடெண்ட் தராத ஒரு கம்பெனி. நான் எடுக்கும் எண்கள்: விலை ₹400, ஒரு பங்குக்கு லாபம் ₹20, முழுவதும் உள்ளேயே போட்டுக்கொள்கிறது, அதில் 15% சம்பாதிக்கிறது. பழைய டிவிடெண்ட் இல்லாததால் g-யை வரலாற்றிலிருந்து எடுக்க வழியில்லை, ஆகவே எல்லாரும் g = b × r-க்குப் போவார்கள்; b லாபத்தில் உள்ளே வைத்துக்கொள்ளும் பகுதி, r அதில் சம்பாதிக்கும் விகிதம். b = 1 என்பதால் g = 15%. ke = 0/400 + 15% = 15%. சரி, விலையை ₹800 ஆக்குங்கள். 15%. ₹100 ஆக்குங்கள். அப்பவும் 15%. சந்தை என்ன சொன்னாலும் கேட்காத ஒரு எண். உண்மையில் நீங்கள் கண்டுபிடித்தது முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருமானத்தை அல்ல, கம்பெனி தன் புத்தக மதிப்பில் சம்பாதிக்கும் வருமானத்தை. அதையே மூலதனச் செலவு என்று எழுதினால், கம்பெனி சம்பாதிப்பதும் செலவும் எப்போதும் சமம், எந்த முதலீடும் மதிப்பைக் கூட்டாது, குறைக்காது என்று ஆகிவிடும்.

கணித ரீதியாகவும் இது ஓட்டைதான். டிவிடெண்ட் என்றென்றைக்கும் பூஜ்ஜியம் என்றால் அந்தத் தொடரின் கூட்டுத்தொகை பூஜ்ஜியம், பங்கு விலை ₹0 ஆக இருக்க வேண்டும். பூஜ்ஜியம் 15% வளர்ந்தாலும் பூஜ்ஜியமே. ஆனால் பங்கு ₹400-க்குக் கைமாறுகிறது. அதாவது வாங்குபவர் என்றைக்கோ ஒரு நாள் காசு கைக்கு வரும் என்று நம்புகிறார், அந்த "என்றைக்கோ" மாடலில் இல்லை. ஃபார்முலாவுக்கு ke எப்போதும் g-யை விடப் பெரியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு; ke = g என்று வரும்போதே அது உடைந்துவிட்டது.

அந்த "என்றைக்கோ"வை எழுதிப்பார்ப்பதுதான் நேர்மையான வழி. அதே கம்பெனி, ஐந்து வருடம் எல்லாவற்றையும் உள்ளே போட்டு 15% வளர்ந்தால் லாபம் சுமார் ₹40 ஆகும். அப்புறம் வளர்ச்சி 6%-க்கு இறங்குகிறது என்று வைப்போம். 15% சம்பாதிக்கும் கம்பெனி 6% வளர லாபத்தில் 40% வைத்துக்கொண்டால் போதும், மீதி 60% வெளியே வரலாம். ஆறாம் வருட லாபம் சுமார் ₹43, டிவிடெண்ட் சுமார் ₹26.

```
400 = [26 / (ke − 0.06)] / (1 + ke)^5
```

இதற்கு நேரடி விடை கிடையாது, எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். 10% போட்டால் 26/0.04 = ₹650, அதை 1.61-ஆல் வகுத்தால் ₹404. ஆக ke கிட்டத்தட்ட 10%. முன்பு வந்த 15% எங்கே, இது எங்கே! இப்போது சீனியர் சோதனையைச் செய்யுங்கள்: விலை ₹200 என்றால் ke 13% வருகிறது, ₹800 என்றால் 8.2%. சந்தை மறுபடி பேசுகிறது.

ஆனால் இதற்கு விலை உண்டு. டிவிடெண்ட் எப்போது தொடங்கும், எவ்வளவு, அதன்பின் என்ன வளர்ச்சி, மூன்றுமே நம் ஊகம். நீண்டகால வளர்ச்சியை 6%-லிருந்து 7% ஆக மாற்றி, டிவிடெண்டை ₹26-லேயே விட்டால் ke சுமார் 10.9% ஆகிவிடும். (அது கொஞ்சம் ஏமாற்றும் கூட, கூடுதல் வளர்ச்சிக்குக் கூடுதல் லாபத்தை உள்ளே வைக்க வேண்டும், அப்படிச் செய்தால் சுமார் 10.5%.)

டிவிடெண்ட் தொடங்கியதும் பிரச்சினை தீர்ந்தது என்றும் இல்லை. ஆல்ஃபபெட், அதாவது கூகுளின் தாய் நிறுவனம், 2024 ஏப்ரலில்தான் முதல் டிவிடெண்ட் அறிவித்தது, காலாண்டுக்கு 20 சென்ட். வருடத்துக்கு 80 சென்ட், அப்போது பங்கு விலை சுமார் 170 டாலர், ஆக டிவிடெண்ட் ஈல்டு அரை சதவீதம்கூட இல்லை. ke-யில் மீதி முழுவதும் நீங்கள் வைக்கும் g தான். அதே நாளில் 70 பில்லியன் டாலருக்குப் பங்குகளைத் திரும்ப வாங்கவும் அனுமதி கொடுத்தது. பங்குதாரருக்குப் போகும் காசின் பெரும்பகுதி அந்த வழியில் போகிறது, ஃபார்முலா அதைப் பார்ப்பதே இல்லை. பெர்க்ஷயர் ஹாத்தவே இன்னும் சங்கடம்: பஃபெட் காலத்தில் 1967-ல் ஒரே ஒருமுறை 10 சென்ட் கொடுத்தது, அவ்வளவுதான்.

தேர்வில் இப்படி வந்தால்: கேள்வியில் பீட்டா, ரிஸ்க் ஃப்ரீ ரேட், மார்க்கெட் ரிட்டர்ன் கொடுத்திருந்தால், பங்கின் ரிஸ்க்கை வைத்து ke கணக்கிடும் சிஏபிஎம் போடுங்கள், அதற்கு டிவிடெண்ட் தேவையில்லை. லிஸ்ட் ஆகாத கம்பெனி என்றால் P0-வே கிடையாது, அங்கே டிவிடெண்ட் கொடுத்தால்கூட இந்த மாடல் நிற்காது. அதே தொழிலில் இருக்கும் லிஸ்டட் கம்பெனியின் பீட்டாவைக் கடன் விகிதத்துக்குச் சரிசெய்து எடுப்பார்கள். எந்த வருடத்திலிருந்து டிவிடெண்ட் என்று கேள்வியே சொன்னால் மட்டும் மேலே செய்த கணக்கு. மூன்றும் இல்லை, வெறும் D0 = 0 என்றால், மாடல் பொருந்தாது என்று எழுதி, விலை எதுவானாலும் அதே விடை வருவதைக் காரணமாகக் காட்டுங்கள்.