அப்பாவின் கைப்பேசியும் 57 நாள் கெடுவும்

கேள்வி: போச்சம்பள்ளி அருகே சந்தூரில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. தோப்பைப் பார்த்துக்கொண்ட அப்பா பிப்ரவரியில் காலமானார். காரியம் முடிந்த மார்ச் 8-ம் தேதி அவருடைய ஆண்ட்ராய்டு கைப்பேசியை அணைத்து பீரோவில் வைத்தோம். நான் ஓசூரில் வேலை செய்கிறேன். நேற்று கணினியில் அப்பாவின் மின்னஞ்சலைத் திறந்து கூகுள் டிரைவைப் பார்த்தபோது, அவருடைய கைப்பேசியின் பேக்கப் இன்னும் 19 நாளில் காலாவதியாகும் என்று காட்டியது. அவர் வாட்ஸ்அப்பில் எங்களுக்கு அனுப்பிய குரல் பதிவுகள்தாம் எங்களுக்கு முக்கியம். மாதம் 130 ரூபாய்த் திட்டம் வாங்கினால் பேக்கப் அழியாது என்று கைப்பேசிக் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? கைப்பேசியின் பேட்டர்ன் அம்மாவுக்குத் தெரியும்.

பதில்: இந்தக் காரணத்துக்காக வாங்க வேண்டாம். அந்தப் பணம் இடத்தைத்தான் கூட்டித் தரும், நாளைக் கூட்டித் தராது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை 57 நாள் பயன்படுத்தாமல் விட்டால் கூகுள் அதன் பேக்கப்பை அழித்துவிடும். மார்ச் 8-லிருந்து எண்ணினால் மே 4 வருகிறது. நீங்கள் பார்த்த 19 நாள் அதுதான். நாள் இருக்கும்போதே நீங்கள் செய்யவேண்டியதைச் செய்துவிட வேண்டும் என்று இந்தப் பதிலைத் தனியாகவும் உங்களுக்கு அனுப்பிவிட்டேன்.

கணினியில் அப்பாவின் மின்னஞ்சலைத் திறந்தீர்களே, அது இந்தக் கணக்கில் சேராது. 57 நாள் கெடு அந்தக் குறிப்பிட்ட கைப்பேசிக்கு உரியது. அந்தக் கைப்பேசியே உயிர்பெற்று இணையத்தோடு பேசவேண்டும். மின்னஞ்சலைத் திறந்ததால் வேறொரு நன்மை உண்டு. இரண்டு ஆண்டுகள் யாருமே தொடாத கூகுள் கணக்கை, அதிலுள்ள புகைப்படங்கள், கடிதங்களோடு சேர்த்து அழிக்க கூகுளுக்கு உரிமை உண்டு. அந்தக் கெடு நேற்றோடு தள்ளிப்போய்விட்டது.

முதலில் மனத்தை ஆற்றிக்கொள்ள ஒரு செய்தி. காலாவதியாகப் போகிற அந்தப் பேக்கப்பில் அப்பாவின் குரல் இல்லை. அதில் இருப்பவை குறுஞ்செய்திகள், அழைப்புப் பட்டியல், கைப்பேசி அமைப்புகள், சில செயலிகளின் தகவல்கள். வாட்ஸ்அப் உரையாடல்கள் அதே கூகுள் கணக்கில் தனியாக இன்னொரு பேக்கப்பாகச் சேருகின்றன. அதற்குக் கெடுவும் வேறு: ஐந்து மாதம் புதுப்பிக்காமல் விட்டால் அது தானாக அழிக்கப்படும். மார்ச் தொடக்கத்தில் கடைசியாகப் பேக்கப் ஆகியிருந்தால் ஆகஸ்ட் தொடக்கம் வரை இருக்கும். அதற்காகக் குறுஞ்செய்திகளை விட்டுவிட வேண்டாம். மாங்கூழ் ஆலையிலிருந்து வங்கிக்கு வந்த பணம், மண்டிக்காரர் அனுப்பிய எடைக் கணக்கு எல்லாம் அவற்றில் இருக்கக்கூடும். வாரிசுக் கணக்கு பார்க்கும்போது அவை தேவைப்படும்.

இந்த ஞாயிறே ஊருக்குப் போய்விடுங்கள். அங்கே கைப்பேசியை எடுத்தவுடன் சார்ஜில் போடாதீர்கள். பின்மூடியைத் தடவிப் பாருங்கள். மேசையில் மல்லாக்க வைத்தால் ஆடுகிறதா, திரையின் ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் செய்யவே கூடாது. பேட்டரியை மாற்றித் தரச்சொல்லி கடைக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் "எதையும் அழிக்கக் கூடாது, ரீசெட் செய்யக் கூடாது" என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். தருமபுரியில் ஒரு கடையில் என் தாயாரின் கைப்பேசியைத் திரை மாற்றக் கொடுத்தேன். ரீசெட் செய்து, புதிதுபோலத் துடைத்துத் திருப்பித் தந்தார்கள். அதில் இருந்த எதுவும் எனக்கு மீளவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உப்பல் இல்லையென்றால் சார்ஜில் போடுங்கள். பல வாரம் அணைந்து கிடந்த கைப்பேசி, அரைமணி நேரம் வரை எந்த அசைவும் காட்டாமல் இருக்கலாம், பொறுத்திருங்கள். திரை வந்ததும் உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டையோ வீட்டு வைஃபையையோ இணைத்துக்கொள்ளுங்கள். பிறகு Settings திறந்து, Google என்பதற்குள் Backup பகுதிக்குப் போய் "Back up now" அழுத்துங்கள். சார்ஜிலேயே இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் டிரைவின் Backups பக்கத்தில் அன்றைய தேதி வந்து, காலாவதி என்ற வரி மறைந்திருந்தால் வேலை நடந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே இருக்கும் பேக்கப் பொத்தானை மட்டும் அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் ஏற்கெனவே மேலே இருக்கும் பேக்கப்பும் அழிந்துவிடும்.

அடுத்தது வாட்ஸ்அப். திறந்தவுடன் "பழைய பதிப்பு, புதுப்பிக்கவும்" என்று கேட்டால் பிளே ஸ்டோரில் புதுப்பியுங்கள். எக்காரணம் கொண்டும் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். கைப்பேசிக்குள் இருக்கும் உரையாடல்கள் செயலியை நீக்கும் கணத்தில் போய்விடும். உள்ளே Settings, Chats, Chat backup என்று போனால் கடைசி பேக்கப் எந்தத் தேதியில் நடந்தது, எந்த மின்னஞ்சல் கணக்கில் சேர்ந்தது என்பது தெரியும். அங்கே "Back up" அழுத்தினால் ஐந்து மாதக் கெடு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். இடம் போதவில்லை என்று வந்தால் மட்டுமே கடைக்காரர் சொன்ன திட்டத்துக்கு வேலை உண்டு. வாட்ஸ்அப் பேக்கப்பும் கூகுள் தரும் 15 ஜிபி இலவச இடத்திலேயே இப்போது கணக்காகிறது. அப்போதுகூட டிரைவிலும் மின்னஞ்சலிலும் தேவையற்ற பெரிய கோப்புகளை நீக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் நான் நிம்மதியாக இருக்கமாட்டேன். ஏனென்றால் இந்த இரண்டு பேக்கப்பையும் ஒரு கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொள்ள வழியில்லை. கைப்பேசிப் பேக்கப்பை ஒரு ஆண்ட்ராய்டு கைப்பேசியை அமைக்கும்போதுதான் மீட்க முடியும். அதற்கும் பழைய திரைப்பூட்டின் பேட்டர்ன் தேவைப்படும். வாட்ஸ்அப் பேக்கப்பை மீட்க அப்பாவின் அதே எண் உயிரோடு இருக்கவேண்டும். முன்கட்டண சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம்; பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகும். மார்ச் 8-லிருந்து எண்ணினால் அது ஜூன் 6. ரீசார்ஜ் செய்துவையுங்கள். இறப்புச் சான்றிதழோடு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய் இணைப்பை அம்மா பெயருக்கு மாற்றிக்கொள்வதும் நல்லது.

ஆகவே குரலைக் கூகுளை மட்டும் நம்பி விடாமல் கோப்பாக எடுத்து உங்கள் கையில் வைத்துக்கொள்வதுதான் முழுமையான வழி. வாட்ஸ்அப் உரையாடல்களைப் பூட்டி வைத்திருந்தாலும், குரல் பதிவுகள் கைப்பேசிக்குள் சாதாரணக் கோப்புகளாகவே கிடக்கின்றன. கணினியோடு யுஎஸ்பி கம்பியால் இணைத்து, கைப்பேசியில் வரும் அறிவிப்பைத் தொட்டு "File transfer" தேர்ந்தெடுங்கள். கணினியில் கைப்பேசி தெரியவே இல்லை என்றால் பெரும்பாலும் குற்றம் கம்பியில்தான். மலிவான கம்பிகள் பல சார்ஜ் மட்டுமே ஏற்றும். தெரிந்ததும் இந்த இடத்துக்குப் போங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Voice Notes
```

கைப்பேசி மிகப் பழையது என்றால் முதல் மூன்று பெயர்கள் இல்லாமல் நேராக WhatsApp என்ற கோப்புறையே இருக்கும். உள்ளே ஆண்டும் வார எண்ணும் சேர்ந்த பெயர்களில் கோப்புறைகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் இப்படிப்பட்ட கோப்புகள் இருக்கும்:

```
PTT-20240512-WA0003.opus
```

நடுவில் இருப்பது தேதி: 2024, மே 12. அப்பா எந்த நாளில் பேசினார் என்பதைக் கோப்பின் பெயரே சொல்லிவிடும். விஎல்சி பிளேயரில் போட்டால் ஓடும். யாருக்கு அனுப்பியது என்பது மட்டும் பெயரில் இருக்காது. அவர் அனுப்பியதும் அவருக்கு வந்ததும் கலந்தே கிடக்கும். அதனால் Voice Notes மட்டும் என்று பொறுக்காமல் Media கோப்புறையை முழுவதுமாக இரண்டு இடங்களில் நகலெடுங்கள்: ஒன்று கணினியில், இன்னொன்று வெளி ஹார்டு டிஸ்க்கில். பிறகு அம்மாவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். செந்தூராவுக்கு எப்போது மருந்து அடித்தார், பெங்களூராவை எவ்வளவு விலைக்குப் பேசினார் என்று அவர் சொல்லும் இடங்களில் கோப்புக்கு அந்தப் பெயரையே தேதியோடு சேர்த்து வையுங்கள். பேரப்பிள்ளைகள் தேடும்போது எண்ணைவிட அது உதவும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். உங்களுக்கு அனுப்பிய குரல் பதிவுகள் உங்கள் கைப்பேசியிலும் அதே இடத்தில் இருக்கவேண்டும், நீங்கள் கைப்பேசி மாற்றாமலும் இடம் காலிசெய்ய அழிக்காமலும் இருந்தால். ஊருக்குப் போகும் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதை இன்று இரவே ஓசூரிலிருந்தே நகலெடுத்துவிடலாம். அக்கா, தங்கை, சித்தப்பா கைப்பேசிகளிலும் கேட்டுப்பாருங்கள்.

நகலெடுத்த பிறகும் பழைய கைப்பேசியை உயிரோடு வைத்திருக்க விரும்பினால், அமாவாசைக்கு அமாவாசை அப்பாவுக்குப் படைக்கும் அன்று அதையும் எடுத்து, சார்ஜில் போட்டு, இணையம் கொடுத்து, மேலே சொன்ன இரண்டு பேக்கப்பையும் அழுத்துங்கள். முடிந்ததும் பாதியளவு சார்ஜோடு அணைத்து வையுங்கள். முழுக்க ஏற்றி வைத்தாலும் முழுக்க இறங்க விட்டாலும் பேட்டரி சீக்கிரம் கெடும். ஒரு அமாவாசைகூடத் தவறக் கூடாது. இரண்டு அமாவாசை இடைவெளி என்றால் 59 நாள் ஆகிவிடும்; 57 அதற்கு முன்பே முடிந்துவிடும்.

உறவில் யாராவது ஐபோன் வைத்திருந்தால் அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்: ஐகிளவுட் பேக்கப்பை நிறுத்திவிட்டாலோ 180 நாள் பயன்படுத்தாமல் விட்டாலோ அதை அழிக்கும் உரிமை ஆப்பிளுக்கு உண்டு. நாள் அதிகம் என்பதைத் தவிர வழிமுறை இதேதான்.