வேப் பிடிப்பதால் வரும் தொண்டைக் கரகரப்பும் வறட்டு இருமலும்

கேள்வி: ஹாஸ்டலில் வேப் பிடிக்கப் பழகி நாலு மாதம் ஆகிறது. தொண்டை எப்போதும் கரகரவென்று இருக்கிறது, காலையில் வறட்டு இருமல். சளி, காய்ச்சல் எதுவும் இல்லை. இது வேப்பால்தானா? ஹூக்காவுக்கு மாறினால் சரியாகுமா?

வேப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், தம்பி. என் அக்கா மகனுக்கும் போன வருடம் இப்படித்தான் இருந்தது. பெங்களூரில் படிக்கிறான். மூன்று வாரம் இருமல் மருந்து குடித்தான், ஒரு பாட்டில் தீர்ந்து அடுத்த பாட்டிலும் வாங்கிவிட்டான். கரகரப்பு மட்டும் போகவில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன், வீட்டில் பிடிக்க முடியாமல் ஐந்து நாள் சும்மா இருந்தான். ஐந்தாவது நாள் தொண்டை பாதி தேறியிருந்தது. அப்போதுதான் என்னிடம் விஷயத்தைச் சொன்னான்.

வேப் திரவத்தில் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும்தான். இரண்டுமே ஈரத்தை இழுக்கும். ஆவியாகத் தொண்டைக்குள் போகும்போது அங்குள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கும் தொண்டையும் உலர்ந்தே இருக்கும். மூச்சுக்குழாயின் உள்பக்கம் நுண்ணிய மயிரிழைகள் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வேப் ஆவியால் அவை மந்தமானால் சளி அங்கேயே தங்கும், இருமித்தான் வெளியேற்ற வேண்டிவரும்.

அவனுக்குப் பிடித்தது 'ஐஸ்' சுவை. அதில் குளிர்ச்சிக்கென்றே பொருள் சேர்க்கிறார்கள். அதோடு, இந்த டப்பாக்களில் நிக்கோட்டினை உப்பாக்கிப் போடுவதால் தொண்டையில் அடிக்காமல் வழுவழுவென்று இறங்கும். வெறும் நிக்கோட்டின் இதே அளவு இருந்தால் இரண்டாவது இழுப்பிலேயே இருமி நிறுத்தியிருப்பான். தொண்டை எரிகிறது என்று உடம்பு சொல்வதைக் குளிர்ச்சி மறைத்துவிடுவதால் இழுப்பின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. டப்பாவில் நிக்கோட்டின் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு மில்லியில் சுமார் 50 மில்லிகிராம். இந்தியாவில் 2019 முதல் விற்பனையே தடை என்பதால், கள்ளத்தனமாக வரும் டப்பாவில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்று சரிபார்க்கவும் வழியில்லை.

திடீரென்று பஞ்சு கருகின வாடையோடு ஒரு இழுப்பு தொண்டையைக் கிழிப்பதுபோல வந்திருக்கிறதா? திரவம் தீர்ந்து உள்ளே இருக்கும் திரி காய்ந்ததால் வருவது அது. அந்தச் சூட்டில் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை உண்டாகின்றன. தொண்டையை நன்றாகப் புண்ணாக்கும்.

ஹூக்காவுக்கு மாறவே மாறாதீர்கள். தண்ணீர் வடிகட்டும் என்பது தவறான நம்பிக்கை. அது புகையைக் குளிர வைக்கிறது, அவ்வளவுதான். குளிர்ந்திருப்பதால் இன்னும் ஆழமாக இழுப்பீர்கள். கரித்துண்டிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் நிற்காமல் அப்படியே உள்ளே வரும். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது தலைவலியும் கிறுகிறுப்பும் வருவது பெரும்பாலும் அதனால்தான். புகையிலை இல்லாத 'ஹெர்பல்' என்றாலும் கரி அதே கரிதான்.

சரி, வேப்தான் காரணமா என்று பார்க்க அதை இரண்டு வாரம் முழுசாக நிறுத்துங்கள். குறைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதல் மூன்று நாள்தான் கடினம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும். அக்கா மகனுக்கு முதல் வாரம் இருமல் கூடியது, சளியும் வந்தது. பயந்துபோய் போன் செய்தான். மயிரிழைகள் மறுபடி வேலை செய்யத் தொடங்கும்போது அப்படி ஆகலாம் என்று டாக்டர் சொன்னதும்தான் அமைதியானான். பத்தாம் நாளுக்கு மேல் இருமல் நன்றாகக் குறைந்தது.

தாங்கவில்லை என்றால் டாக்டரையோ மருந்துக்கடைக்காரரையோ கேட்டு 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் எடுக்கலாம். 18 வயது ஆகவில்லை என்றால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். அதைச் சாதாரண சூயிங் கம் மாதிரி மெல்லக் கூடாது. அவன் அப்படி மென்றுதான் விக்கல் வந்து, தொண்டை மறுபடி எரிந்தது. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, ஜூஸ் வேண்டாம்.

மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, காய்ச்சலோடு வாந்தி வந்தாலோ இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால், வேப்பை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் ஒரு சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோயா என்று பார்ப்பதற்குத்தான். அப்புறம், டாக்டரிடம் வேப் பிடிப்பதை மறைக்காதீர்கள். அவன் முதலில் மறைத்ததால்தான் அந்த இரண்டு பாட்டில் மருந்தும் வீணானது. போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.