லாப்ஸ் ஆன பாலிசிக்காரருக்கு என்ன எழுதுவது?

கேள்வி: நான் ஆயுள் காப்பீட்டு முகவர். மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் 2020 ஜூலையில் என்னிடம் 5 லட்சத்துக்கு 20 வருட எண்டோமென்ட் பாலிசி எடுத்தார். வருடத்துக்கு ஏறக்குறைய 26,000 ரூபாய். நாலு வருடம் கட்டினார். 2024, 2025 ஜூலைத் தவணைகள் கட்டவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. அவரை நெருக்காமல், ஆனால் ஆபத்தும் புரிகிற மாதிரி ஒரு கடிதம் எப்படி எழுதுவது?

பதில்: முதலில் கிளைக்குப் போய் ரிவைவல் கொட்டேஷன் வாங்குங்கள். கையில் அது இல்லாமல் எழுதினால் கடிதத்தில் பயமுறுத்தல்தான் மிஞ்சும். "இப்போது உங்களுக்குக் காப்பீடே கிடையாது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது டேர்ம் பாலிசிக்குப் பொருந்தும். அதில் தவணை நின்று சலுகை நாட்களும் முடிந்துவிட்டால் குடும்பத்துக்கு ஒன்றும் வராது. இவர் நாலு வருடம் கட்டியிருப்பதால் பாலிசி பெய்டு-அப் ஆகி நிற்கிறது. 20 தவணையில் 4 கட்டியிருக்கிறார், அதனால் 5 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு, 1 லட்சம். அதோடு அந்த நாலு வருடத்துக்குச் சேர்ந்த போனஸ் உண்டு. இனிமேல் போனஸ் சேராது. விபத்துக் காப்பீட்டு ரைடர் எடுத்திருந்தால் அதுவும் நின்றிருக்கும்.

வீட்டில் அண்ணி இன்னமும் 5 லட்சம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது, கடிதமும் அதைத்தான் சொல்ல வேண்டும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"அன்புள்ள அண்ணனுக்கு, வணக்கம். பாலிசிக்கு இரண்டு ஜூலைத் தவணைகள் நிலுவையில் இருக்கின்றன. ஏன் என்று கேட்க இதை எழுதவில்லை. பாலிசியின் இன்றைய நிலை உங்களுக்கும் அண்ணிக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இன்றைக்கு உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்கு வருவது 5 லட்சம் அல்ல. 1 லட்சமும், இதுவரை சேர்ந்த போனஸும்தான். தொடர விரும்பினால் 2029 ஜூலை வரை புதுப்பிக்கலாம். இப்போது கட்ட வேண்டியது இரண்டு தவணை 52,000 ரூபாயும் தாமத வட்டியும். கிளை கொடுத்த கணக்கை இணைத்திருக்கிறேன். தள்ளிப்போடப் போட வட்டி ஏறும். நடுவில் உடம்புக்கு ஏதாவது வந்தால் கம்பெனி புதுப்பிக்க மறுக்கவும் கூடும். தொடர வேண்டாம் என்றால் இப்படியே விட்டுவிடலாம்; அந்தத் தொகை முதிர்வின்போது கிடைக்கும். சரண்டர் செய்தால் என்ன வரும் என்பதையும் கணக்கில் குறித்திருக்கிறேன். எந்த முடிவானாலும் எனக்கு வருத்தமில்லை. தோன்றும்போது கூப்பிடுங்கள்."

2029 என்ற வருடத்தைக் கடிதத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள். யூலிப் அல்லாத பாலிசியைக் கட்டாமல் விட்ட முதல் தவணையிலிருந்து ஐந்து வருடம் வரை புதுப்பிக்கலாம். அந்தக் கால அவகாசத்தை மறைத்து "இந்த மாதமே கடைசி" என்று எழுதினால், அவர் கிளையில் விசாரிக்கும் அன்றைக்கே உங்கள் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும். தாமதக் கட்டணச் சலுகை ஏதாவது நடந்துகொண்டிருந்தால், அது முடியும் தேதியைக் கடைசியில் ஒரு வரியில் எழுதினால் போதும்.

52,000 ரூபாயை ஒரே மூச்சில் புரட்ட முடியாததால்கூட அவர் போனை எடுக்காமல் இருக்கலாம். பாலிசியின் மேலேயே கடன் எடுத்து பாக்கியின் ஒரு பகுதியை அடைக்க முடியுமா என்று கிளையில் கேளுங்கள். முடியும் என்றால் அதையும் எழுதுங்கள். ஆனால் அந்தக் கடனும் அதன் வட்டியும் பின்னால் வரும் தொகையிலிருந்து கழியும் என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். கடை வருமானம் குறைந்து, இனி வருடா வருடம் 26,000 கட்டவே முடியாது என்றால் இதைப் புதுப்பிக்கச் சொல்லாதீர்கள். பெய்டு-அப்பாக விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த பிரீமியத்தில் ஒரு டேர்ம் பாலிசி எடுப்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய பாதுகாப்பு. பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்கு 5 லட்சமே போதாது என்பது என் கருத்து.

அவர் சரி என்று வந்தால் இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். பணம் கட்டிய ரசீது கிடைத்துவிட்டால் பாலிசி உயிர் பெற்றுவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். கம்பெனி ஏற்றுக்கொண்டு தெரிவிக்கும் வரை காப்பீடு பழைய அளவிலேயே நிற்கும், அதுவரை பணம் டெபாசிட்டாகத்தான் கிடக்கும். இன்னொன்று உடல்நல அறிக்கை. இடைப்பட்ட காலத்தில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வந்திருந்தால் அதில் எழுதியே ஆக வேண்டும். காப்பீட்டுச் சட்டம் 45-ஆம் பிரிவின் மூன்று வருடக் கணக்கு புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறது. அந்த மூன்று வருடத்துக்குள் க்ளெய்ம் வந்தால், மறைத்த நோயைக் காரணம் காட்டி நிராகரிக்க முடியும். அதனால் அந்தப் படிவத்தை நீங்கள் நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போய், ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துக் காட்டி, அவர் சொல்கிற பதிலையே எழுதுங்கள்.