மல்லாட்டையை எண்ணெயாக்கினால் கையில் என்ன நிற்கும்?

கேள்வி: குறிஞ்சிப்பாடி பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் இருக்கிறது, நிலக்கடலைதான், எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், அதைத்தான் போடுகிறோம். வருஷா வருஷம் பயறாக உடைத்து மார்க்கெட் கமிட்டியில் போட்டுவிட்டு வருகிறோம். மரச்செக்கு எண்ணெய் நல்ல விலைக்குப் போகிறதே, லோன் எடுத்து ஒரு செக்கு போடலாமா?
– ஒரு வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: எண்ணெய் ஆட்டுங்கள், ஆனால் செக்கு வாங்காதீர்கள் சகோதரி, இப்போதைக்கு வேண்டாம். இரண்டரை ஏக்கரில் நன்றாக விளைந்தால் 80 கிலோ மூட்டையாக 20 மூட்டை பயறு வரும் என்று வையுங்கள், மொத்தம் 1,600 கிலோ. ஒரு செக்கில் நாளைக்கு 100 கிலோ ஆட்டினால் 16 நாளில் வேலை முடிந்துவிடும். அப்புறம் வருஷம் முழுக்கச் செக்கு சும்மா நிற்கும், தவணை மட்டும் மாதாமாதம் ஓடும். பக்கத்தில் கூலிக்கு ஆட்டும் செக்கு இருக்கும், அங்கே கொண்டு போங்கள்.

ஒரு மூட்டைக்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம். விலையெல்லாம் கணக்குக்காக நான் வைத்தது, உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பயறு கிலோ 100 ரூபாய் என்றால் மூட்டையை அப்படியே விற்றால் 8,000. ஆட்டுவதாக இருந்தால் சொத்தை, சுருங்கியது, நிறம் மாறியது என்று 4 கிலோ பொறுக்கி எறிந்தபின் 76 கிலோ நிற்கும். செக்கில் நூற்றுக்கு 40 எண்ணெய் இறங்கினால், கசடு போக ஏறக்குறைய 32 லிட்டர், அதோடு 43 கிலோ பிண்ணாக்கு. எண்ணெய் லிட்டர் 260க்குப் போனால் 8,320, பிண்ணாக்கு கிலோ 40 என்றால் 1,720, ஆக 10,040. இதில் ஆட்டுக்கூலி கிலோவுக்கு 8 ரூபாய் வீதம் 608, பாட்டில், லேபிள் 480, வண்டி 300 கழித்தால் 8,652. மூட்டைக்கு 652 ரூபாய்தான் கூடுதல். அறிமுகமானவர்கள் கேட்கிறார்களே என்று 240க்குக் கொடுத்தீர்களானால் மிஞ்சுவது 12 ரூபாய்!

அதனால் பிண்ணாக்கை விட்டுவிடாதீர்கள். சில செக்கில் "கூலி வேண்டாம், பிண்ணாக்கை நாங்கள் எடுத்துக்கிறோம்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் 608 ரூபாய் கூலிக்கு 1,720 ரூபாய்ப் பண்டத்தைத் தருகிறீர்கள். கூலியைக் கொடுத்துவிட்டுப் பிண்ணாக்கை வீட்டுக்குக் கொண்டு வந்து, மாடு வைத்திருப்பவர்களுக்கு நேரடியாக விற்றுவிடுங்கள்.

அந்தப் பிண்ணாக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். மல்லாட்டை சரியாகக் காயாவிட்டால் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது கல்லீரலைக் கெடுக்கும், சமைக்கிற சூட்டில் போய்விடாது. ஆட்டும்போது பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும், கொஞ்சம் எண்ணெயிலும் வரும். அந்தப் பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் அது இறங்கும், அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தைகள். ஆடிப்பட்டத்துக் காய் ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டால் இந்த ஆபத்து அதிகம். மார்கழிப் பட்டத்துக் காய் பங்குனி வெயிலில் நன்றாகக் காயும், எண்ணெய்க்கு அதை ஒதுக்கி வையுங்கள். காதருகே ஆட்டினால் உள்ளே பயறு கலகலவென்று சத்தம் போடும், தோல் தேய்த்தால் உரியும், அதுவரை காயட்டும். பயறாக உடைத்து அடுக்காமல் காயாகவே வைத்திருந்து, மாதத்துக்கு வேண்டியதை மட்டும் உடையுங்கள். உடைக்கிற மில்லில் பயறு நொறுங்காமல் இருக்கக் காயில் தண்ணீர் தெளிப்பது வழக்கம், வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், பூஞ்சணம் பிடிக்க அந்த ஈரமே போதும்.

ஆட்டிய எண்ணெயை உடனே பாட்டிலில் ஊற்றிவிடக் கூடாது. அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் மெல்லிய துணி கட்டி மூன்று நான்கு நாள் தெளியவிட்டு, மேலே நிற்பதை மட்டும் சாய்த்து எடுங்கள். கசடு கலந்தால் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும். ஒரு கரண்டி எண்ணெயைச் சூடாக்கிப் பாருங்கள், சடசடவென்று வெடித்தால் ஈரம் இன்னும் இருக்கிறது.

உதிரியாக, கேனிலிருந்து அளந்து விற்பது சட்டப்படி கூடாது, மூடி சீல் வைத்த பாட்டிலில்தான் விற்க வேண்டும். விற்கத் தொடங்கும் முன் foscos.fssai.gov.in தளத்தில் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணையும் ஆட்டிய தேதியையும் லேபிளில் போடுங்கள்.

இந்த வருஷம் ஐந்து மூட்டையை மட்டும் எண்ணெயாக்குங்கள், மீதி எப்போதும் போல கமிட்டிக்கே போகட்டும். ஐந்தும் 260க்குக் குறையாமல் விற்றுத் தீர்ந்தால் அடுத்த வருஷம் பத்து. அக்கம்பக்கத்து வீடுகளும் தங்கள் பயறை உங்களிடம் கூலிக்குக் கொண்டுவரத் தயாராக இருந்தால், அப்போது செக்கு பற்றி எழுதுங்கள்.