செம்புராங்கல் பூமிக்கு மண் பரிசோதனை எதற்கு?

கேள்வி: காரைக்குடி பக்கம் மனை வாங்கியிருக்கிறோம். இன்ஜினியர் மண் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார். கொத்தனார், "செம்புராங்கல் பூமிக்கு எதுக்குங்க டெஸ்ட்?" என்கிறார். அந்த ரிப்போர்ட்டில் வீட்டுக்காரனுக்கு என்ன தெரியும்?

கொத்தனார் சொல்வது பாதி சரி. நல்ல செம்புராங்கல்லில் அஸ்திவாரம் உட்கார்ந்துவிட்டால், மாடி வீட்டுக்குப் பெரும்பாலும் கவலையில்லை. ஆனால் அது எத்தனை அடிக்குக் கீழே கிடக்கிறது, மனை முழுக்க அதே ஆழத்தில்தான் கிடக்கிறதா என்பதை மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது. ஊருணியும் கண்மாயும் வரத்துக்காலுமாக இருக்கிற சீமை இது. பழைய வரத்துக்காலில் செம்மண்ணைக் கொட்டிச் சமன் செய்துவிட்டால், பார்ப்பதற்கு எல்லாம் ஒரே பூமிதான்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் கடைசிப் பக்கத்தில் உள்ள தாங்குதிறனைத்தான் தேடுவார்கள். நீங்கள் முதலில் போர் லாக்கைப் பாருங்கள், மனையில் துளை போட்டபோது எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்று எழுதிய பக்கம் அது. துளைக்குள் ஒரு குழாயை வைத்து, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, 45 செ.மீ. இறக்குவார்கள். முதல் 15 செ.மீ.க்கு விழுந்த அடிகள் கணக்கில்லை. மீதி 30 செ.மீ.க்கு எத்தனை அடி விழுந்தது என்பதைத்தான் ஆழவாரியாக எழுதியிருப்பார்கள். அடி குறைந்தால் மண் பலவீனம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மனையின் முன்பக்கத் துளையில் 1.5 மீட்டரிலேயே செம்புராங்கல். 50 அடி விழுந்தும் குழாய் இறங்கவில்லை. பின்பக்கத் துளையில் 2 மீட்டர் வரை கொட்டிய மண்ணும் செங்கல் துண்டும், அடி எண்ணிக்கை 5. அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி, அடி எண்ணிக்கை 4. செம்புராங்கல் வருவது 3.5 மீட்டரில். முன்பக்கம் மட்டும் துளை போட்டிருந்தால், சதுர மீட்டருக்கு 20 டன் என்று ரிப்போர்ட் வந்திருக்கும். 40 டன் சுமக்கும் தூணுக்கு 2 சதுர மீட்டர் அடித்தளம் போதும் என்று எல்லாத் தூணுக்கும் அதையே போட்டிருப்பார்கள். பின்பக்க மண் 5 டன்தான் தாங்கும் என்றால், அங்கே அதன் தலையில் நான்கு மடங்கு பாரம். வீடு மொத்தமாக ஒரே அளவு இறங்கினால்கூடச் சமாளிக்கலாம். பின்பக்கம் இறங்கி முன்பக்கம் அசையாமல் நின்றால், ஜன்னல் மூலைகளிலிருந்து சுவர் சாய்வாக வெடிக்கும்.

இதற்கு வழி, பின்பக்கத் தூண்களை மட்டும் 3.5 மீட்டர் வரை இறக்கிச் செம்புராங்கல்லில் உட்கார வைப்பது. கொட்டிய மண் சரியும், முட்டுக் கொடுத்துத்தான் தோண்ட வேண்டும். செலவு கூடும்தான், ஆனால் எஸ்டிமேட் போடும்போதே தெரிந்துவிடும்.

களி என்று எழுதியிருந்தால், அதன் வீக்க அளவையும் கேளுங்கள். 50 சதவீதத்தைத் தாண்டினால், மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண் அது. தண்ணீர் எந்த ஆழத்தில் நின்றது, எந்த மாதம் பார்த்தார்கள் என்பதும் வேண்டும். சித்திரையில் வறண்டிருந்த துளை ஐப்பசி மழைக்குப் பிறகு அப்படி இருக்காது.

போர்வெல் போட்டவர் "கீழே பாறைதான் சார்" என்று சொன்னதை இதோடு சேர்க்காதீர்கள். அவர் தண்ணீரைத் தேடினார், மண்ணின் பலத்தை அளக்கவில்லை.

சின்ன வீட்டுக்கு ஒரு துளை போதும் என்பார்கள். நான் இரண்டு கேட்பேன், ஒன்று மனையின் பள்ளமான பக்கத்தில். அப்புறம், குழி தோண்டியதும் அடியில் பி.சி.சி. கான்கிரீட் போடுமுன் இன்ஜினியரைக் கூப்பிட்டு, குழியில் தெரியும் மண்ணும் போர் லாக்கில் உள்ள மண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள்.