பத்து இடைவெளியை அளந்த பெண்

அம்மா, வணக்கம். சிவில் முடித்த மகளுக்கு சைட் வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் "இவ எதையாவது பார்த்துட்டு வாயைத் திறந்தா முதல் மாசமே அனுப்பிடுவாங்களோ" என்று பயப்படுகிறீர்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்துபோன ஒரு பெண்ணுக்கு வேலையில் சேர்ந்த நாலாவது மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

கோவைப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டடம். காலை ஏழு மணி, பம்ப் வந்து நிற்கிறது, எட்டு மணிக்கு பிளான்டில் ரெடிமிக்ஸ் ஏற்ற வேண்டும். இவளுக்குக் கொடுத்த வேலை, கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான். 3 மீட்டர் நீள பால்கனிக்கு வந்தபோது மேல்கம்பி கொஞ்சம் அகலமாகப் போட்டிருப்பதுபோலத் தோன்றியது.

உடனே அவள் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு இடைவெளியை அளந்தால் ஏமாந்துபோவோம். கட்டும்போது ஒரு கம்பி அரை இஞ்ச் நகர்வது சகஜம். அதனால் தொடர்ந்து பத்து இடைவெளியைச் சேர்த்து அளந்தாள். டிராயிங்படி 150 மி.மீ. இடைவெளி, அப்படியானால் பத்துக்கு 1500 வரவேண்டும். டேப் 2000 காட்டியது. கம்பிகளை எண்ணினாள்: 21 இருக்க வேண்டிய இடத்தில் 16. டேப்பை விரித்தபடியே போட்டோ எடுத்துக்கொண்டு முதலில் கம்பி கட்டும் மேஸ்திரியிடம் போனாள். "அண்ணே, உங்க கையில இருக்கிற டிராயிங்கைக் காட்டுங்க." அதில் 200 என்றுதான் இருந்தது. அது பழைய தாள். திருத்திய தாள் ஆபீஸில் இருந்தது, சென்டரிங் மேலே வரவே இல்லை. மேஸ்திரி மேல் தப்பில்லை என்பது அப்போதே தெளிவானதால் சண்டைக்கு வழியில்லாமல் போயிற்று.

சைட் இன்ஜினியர் சார் லேசில் விடவில்லை. "ஸ்லாப் கம்பிக்கு 300 வரைக்கும் கான்கிரீட் விதி ஐ.எஸ். 456 அனுமதிக்குது, 200 தாராளம்" என்றார். பாதி உண்மை என்பதால் இந்த இடத்தில்தான் பல பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள். 300 என்பது எந்தக் கணக்கு வந்தாலும் தாண்டக்கூடாத எல்லை. இந்த பால்கனிக்கு எவ்வளவு கம்பி தேவை என்பது வேறு கணக்கு. அவள் அதைத்தான் சொன்னாள்: "சார், 10 எம்.எம். கம்பி 150ல போட்டா ஒரு மீட்டர் அகலத்துக்கு 523 சதுர மி.மீ. இரும்பு. 200ல போட்டா 393தான். கால்வாசி குறையுது. அதுவும் இது பால்கனி."

பால்கனி ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. பாரம் ஏறினால் மேல்பக்கம் இழுபடும், இழுவையை கான்கிரீட் தாங்காது, அந்த மேல்கம்பிதான் தாங்க வேண்டும். அது போதாவிட்டால் சுவரோடு சேருமிடத்தில் மேலே விரிசல் விடும். டைல்ஸ் ஒட்டிவிட்டால் அந்த விரிசல் கண்ணுக்கும் தெரியாது.

சார் ஸ்ட்ரக்சுரல் டிசைனருக்கு போன் போட்டார். "150தான்" என்று பதில் வந்தது. அடுத்த போன் ரெடிமிக்ஸ் பிளான்டுக்கு. கலவையை வண்டியில் ஏற்றிய நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும் என்பதால், ஏற்றுவதற்கு முன் நிறுத்தச் சொன்னதுதான் பெரிய மிச்சம். கட்டுக்கம்பியை அவிழ்த்து, இடைவெளி மாற்றி, ஐந்து கம்பி கூடுதலாகச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் அறைக்குள் நீளும் பகுதியோடு 4 மீட்டர்; மொத்தம் சுமார் 12 கிலோ இரும்பு, ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஆள் நடந்து மிதித்துத் தாழ்ந்துபோன கம்பிகளுக்கு அடியில் சேர் என்கிற வளைத்த கம்பித் தாங்கி வைத்து மேலே தூக்கவும் செய்தார்கள். ஒன்றரை மணி நேரம் தாமதம். கான்கிரீட் விழுந்த பிறகு தெரிந்திருந்தால் இடிப்பதைத் தவிர நல்ல வழி அதிகம் இல்லை.

பாராட்டு கிடைத்ததா என்று கேட்பீர்கள். திட்டுதான் கிடைத்தது: "நேத்து சாயங்காலமே ஏன் பார்க்கலை?" எனக்கு அந்தத் திட்டு நியாயமாகத்தான் படுகிறது. கம்பி கட்டி முடித்த மாலையில் பார்ப்பதுதான் முறை. பம்ப் வந்து நின்றபின் சொன்னால் கேட்கிறவருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். வேலை போகவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கம்பி செக்கிங்கை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். எல்லா சைட்டிலும் இப்படி நடக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். "நீ கையெழுத்து மட்டும் போடு" என்கிற இடமும் உண்டு, அங்கிருந்து சீக்கிரம் வெளியே வருவது நல்லது.

எந்த மாதிரி இடம் என்பதை உங்கள் மகள் சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்: "இங்கே கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி போர் கார்டில் யார் யார் கையெழுத்துப் போடுவாங்க? திருத்திய டிராயிங் மேஸ்திரி கைக்கு எப்படிப் போகும்?" பதில் சொல்லத் தடுமாறினால் கொஞ்சம் யோசியுங்கள். அப்புறம், 5 மீட்டர் டேப் ஒன்று சொந்தமாக வாங்கிக் கொடுங்கள். சைட் டேப் எப்போதும் யாராவது ஒருவர் பாக்கெட்டில்தான் இருக்கும்.