கேட்காமல் போட்ட பெயர்

அக்கா, நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் ஸ்டோர்ஸில் இரண்டு வருடம் வேலை செய்தேன். 2020இல் கொரோனா நேரம் ஆட்குறைப்பில் நின்றுவிட்டேன். இப்போது கண்டியில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். சிவியில் உறவினரல்லாத இரண்டு ரெஃபரி வேண்டுமாம். பழைய மனேஜரோடு அதன்பிறகு பேசவே இல்லை. கேட்காமல் பெயரைப் போடலாமா? கேட்டால் என்ன சொல்லிக் கேட்பது?
– ஒரு வாசகர், பொகவந்தலாவை

தம்பி, கேட்காமல் போடாதீர்கள். நான் போட்டு மாட்டிக்கொண்டவள். உயர்தரம் படிப்பித்த டீச்சரின் பெயரைச் சொல்லாமல் கொள்ளாமல் எழுதிவிட்டேன். வேலை தரவிருந்தவர்கள் அவருக்கு அழைத்து, அடையாள அட்டையில் உள்ள என் முழுப்பெயரைச் சொல்லி விசாரித்தார்கள். டீச்சருக்குத் தெரிந்ததோ எல்லோரும் கூப்பிடும் பெயர்தான். "அப்படி யாரும் என்னிடம் படிக்கவில்லையே" என்று வைத்துவிட்டார். லயத்தில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் என்பது நமக்குப் புதிதா என்ன? இரண்டையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

மனேஜருக்கு ஒரு வாட்ஸ்அப் போதும்:

"சேர், வணக்கம். 2020 வரை உங்களிடம் ஸ்டோர்ஸில் இருந்த (கூப்பிடும் பெயர்) பேசுகிறேன். முழுப்பெயர் இது. கண்டியில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். உங்களை ரெஃபரியாகப் போடலாமா? வசதிப்படாவிட்டால் சொல்லுங்கள், வேறொருவரைக் கேட்டுக்கொள்கிறேன்."

அந்தக் கடைசி வரியை வெட்டிவிடாதீர்கள். முகத்துக்காக ஒப்புக்கொண்டவர், அழைப்பு வரும்போது "ம்... இருந்தார்தான்" என்று இழுப்பார். அது கெட்ட சான்றைவிட மோசம். பதிலே வராவிட்டாலும், மழுப்பினாலும், வேறு ஆளைப் பாருங்கள்.

சரி என்றால் அடுத்த செய்தியில் விளம்பரத்தின் படம், உங்கள் சிவி, விண்ணப்ப முடிவுத் திகதி. அப்புறம், நீங்கள் சேர்ந்த மாதமும் விலகிய மாதமும். இதை நினைவிலிருந்து எழுதாமல் நியமனக் கடிதத்தையோ ஈ.பி.எஃப். கணக்கையோ பார்த்து எழுதுங்கள். சிவியில் மார்ச் என்றும் அவர் வாயில் ஜூன் என்றும் வந்தால் சந்தேகம் உங்கள்மேல்தான் விழும். விலகிய காரணமும் அப்படியே. நீங்கள் ஆட்குறைப்பு என்று எழுத, அவர் "தானாகத்தான் போனார்" என்றால் யாரை நம்புவார்கள்?

கூடவே அவர் கண்ணால் பார்த்த இரண்டு விஷயங்களை நினைவுபடுத்துங்கள். "நேர்மையானவன் என்று சொல்லுங்கள் சேர்" என்பதல்ல. "மாதக் கடைசி கையிருப்புக் கணக்கெடுப்பை நான்தான் செய்தேன், காலாவதியாகப் போகிற சாமான்களை முன்னால் அடுக்கி வைத்தேன்" என்பது போல, உண்மையில் செய்ததை மட்டும். என்ன சொல்வது என்பது அவர் விருப்பம். அவர் மறந்ததை நீங்கள் எடுத்துக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது ஆளாக உங்கள் பள்ளிக்கூட சேரைக் கேட்கலாம். ஆனால் அவரிடம் ஸ்டோர்ஸ் வேலையைப் பற்றிச் சொல்லச் சொல்லாதீர்கள், பார்த்ததில்லை. எந்த நம்பர், எத்தனை மணிக்கு என்று அவரிடமே கேட்டுப் போடுங்கள். பாடசாலை நேரத்தில் வகுப்பில் இருப்பார். வீட்டில் சிக்னல் கிடைக்காது என்றால் ஈமெயிலையும் சேர்த்துவிடுங்கள். நேர்முகத்துக்குப் போய் வந்த அன்றே இருவருக்கும் ஒரு வரி அனுப்புங்கள். தெரியாத கண்டி நம்பர் என்று எடுக்காமல் விட்டுவிடப் போகிறார்கள்.